கோப்பையில் குதிரை நின்றால் வரன் வருமா?

கேள்வி: அலுவலகத்தில் உள்ள துருக்கித் தோழி என் காபிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்து, "குதிரை நிற்கிறது, உனக்கு ஒரு கிஸ்மெத் இருக்கிறது, மூன்று வேளைக்குள் வரும்" என்றாள். வீட்டில் வரன் பார்க்கும் நேரம். இதற்கு என்ன அர்த்தம்? நம் ஃபில்டர் காபியிலும் இப்படிப் பார்க்க முடியுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. ஃபில்டர் காபியில் தூள் மேல் பாத்திரத்திலேயே தங்கிவிடும், டம்ளருக்கு டிகாக்‌ஷன்தான் வரும். அதன் மேல் பாலும் ஊற்றுகிறோம். காலி டம்ளரில் நுரைக் கறைதான் மிஞ்சும். குறி பார்க்க வண்டல் வேண்டும். துருக்கியில் அதைத் தெல்வே என்பார்கள்.

குதிரையை விட உங்கள் தோழி சொன்ன 'கிஸ்மெத்' என்ற சொல்தான் முக்கியம். துருக்கி மொழியில் அதற்கு விதி, கொடுப்பினை, அதிர்ஷ்டம் என்றெல்லாம் பொருள் உண்டு. கல்யாண வயதில் இருக்கும் பெண்ணிடம் சொன்னால் 'வரன்' என்றும் பொருள். அவளுக்குக் கிஸ்மெத் வந்திருக்கிறது என்றால் பெண் கேட்டு யாரோ வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கையில் பணம் வரப்போகிறது என்பதற்கும் இதே சொல்தான். நம் ஊரில் "உனக்கு யோகம் இருக்கு" என்றால் எதற்கு யோகம் என்பது கேட்பவரின் நிலைமையைப் பொறுத்ததுதானே, அதே கதை. வீட்டில் வரன் பார்ப்பது தோழிக்குத் தெரியுமா என்று யோசியுங்கள். தெரிந்திருந்தால் அவள் வரனைத்தான் சொல்லியிருப்பாள்.

கிஸ்மெத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உருவம் மீன். குதிரைக்குச் சொல்வது 'முராத்', அதாவது மனதில் நினைத்தது கைகூடுவது. எனவே குதிரை மாப்பிள்ளை அல்ல. நீங்கள் எதை நினைத்துக் கோப்பையைக் கவிழ்த்தீர்களோ அது நடக்கும் என்பதற்கான அடையாளம். 'மூன்று வேளை' என்பதையும் காலை, மதியம், இரவு என்று எண்ண வேண்டாம். துருக்கியில் குறி சொல்பவர்கள் எல்லாருமே பேசும் வழக்கு அது. மூன்று நாளாகவும் இருக்கலாம், மூன்று வாரமாகவோ மூன்று மாதமாகவோகூட இருக்கலாம். குறி எப்படியாவது பலித்துவிடுவதற்கு இந்த நீக்குப்போக்கும் ஒரு காரணம்.

இனி பார்க்கும் முறை. ஒரு சின்னக் கோப்பைக்கு 65 முதல் 70 மில்லி குளிர்ந்த நீர், சுமார் 7 கிராம் தூள். தூள் முகப் பவுடர் மாதிரி நைசாக இருக்க வேண்டும். சர்க்கரை வேண்டுமானால் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கலக்கி, சிறு தீயில் வைத்து, நுரை பொங்கி வரும்போது இறக்கிவிடுவார்கள். உள்பக்கம் வெள்ளையாக, அடி குறுகி வாய் அகன்ற கோப்பைதான் சரி. கோப்பையைச் சுற்றித் திருப்பாமல் ஒரே பக்கமாகக் குடிக்க வேண்டும். வண்டலுக்கு மேல் ஒரு டீஸ்பூன் அளவு காபியை மிச்சம் வைத்து, தட்டை மேலே மூடி, மனதில் நினைத்துக்கொண்டு மெல்ல மூன்று சுற்றுச் சுற்றி, சட்டென்று கவிழ்க்க வேண்டும். அப்போது "நெய்ஸே ஹாலிம், சிக்ஸின் ஃபாலிம்" என்பார்கள்: என் நிலை எதுவோ அதுவே குறியில் வரட்டும். கவிழ்த்த கோப்பையின் முதுகில் மோதிரம் வைத்தால் காதல், கல்யாண விஷயம். காசு வைத்தால் பண விஷயம். உலோகம் சூட்டை இழுத்துக் கோப்பை சீக்கிரம் ஆறும் என்பதும் ஒரு சௌகரியம்.

பெரும்பாலும் தவறு நடப்பது அந்த ஒரு டீஸ்பூனில்தான். காபி அதிகம் மிஞ்சினால் வண்டலைச் சுவரிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். கோப்பை வெளுத்து, தட்டு குளமாகிவிடும். குறைந்தால் வண்டல் அடியிலேயே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே திறந்தால் உருவங்கள் கண்ணெதிரே வழிந்து மாறும். அடியைத் தொட்டால் சூடே தெரியக்கூடாது. இன்னொன்று, ஆறியபின் தட்டு கோப்பையோடு ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பலவந்தமாகப் பிரிக்க மாட்டார்கள். அதை நபியின் குறி என்பார்கள். நினைத்தது நடக்கும், பார்க்கவே தேவையில்லை என்று கீழே வைத்துவிடுவார்கள்.

படிக்கும்போது கைப்பிடிதான் உங்கள் வீடு. அதற்கு வலப்புறம் நல்லது, இடப்புறம் தடை. விளிம்பை ஒட்டியிருப்பது சீக்கிரம் நடப்பது. அடியில் இருப்பது பழையது, மனதில் கிடப்பது. கறுப்புத் திட்டுகளை மட்டும் பார்க்கக் கூடாது, வண்டல் விலகிய வெள்ளை இடங்களும் உருவங்கள்தான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒரு கோப்பையை எடுத்துக்கொள்வோம். அடியில் வண்டல் மேடு போல் உப்பியிருக்கிறது. அங்கிருந்து வெள்ளைக் கோடு ஒன்று மேலே ஏறி, விளிம்புக்குச் சற்று முன் இரண்டாகப் பிரிகிறது. கைப்பிடிக்கு வலப்புறம் ஒரு குதிரை, முகம் கைப்பிடியை நோக்கி. அதன் மேல், விளிம்பருகே சிறகு விரித்த பறவை. மேடு என்றால் மனம் கனத்திருக்கிறது. வெள்ளைக் கோடு திறந்த வழி, பிரிவு என்பது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. பறவை என்றால் செய்தி, விளிம்பருகே இருப்பதால் சீக்கிரம். குதிரை வீட்டைப் பார்த்து நிற்கிறது, ஆகவே நினைத்தது உங்களைத் தேடி வரும். மொத்தமாக: கவலையில் இருக்கிறீர்கள், இரண்டு இடம் பேசப்படுகிறது, ஒன்றிலிருந்து விரைவில் தகவல் வரும், அது மனதுக்குப் பிடித்ததாக இருக்கும். அதே குதிரை கைப்பிடிக்கு முதுகு காட்டி இடப்புறம் நின்றால் கை நழுவிப் போவதாகச் சொல்வார்கள். அருகில் பாம்பு இருந்தால் இடையில் ஒருவர் கலைக்கிறார். கண் மாதிரி வட்டம் இருந்தால் திருஷ்டி. இதை நமக்கு விளக்கவே வேண்டாம்.

இணையத்தில் 'நூறு உருவங்கள், நூறு பலன்கள்' என்று பட்டியல் போடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆங்கிலேயர்கள் தேயிலையில் பார்க்கும் குறிகளை இதோடு கலந்துவிடுகிறார்கள். இடமும் திசையும் பக்கத்து உருவமும் இல்லாமல் குதிரைக்குத் தனியாகப் பலன் கிடையாது.

"இந்தக் காலத்தில் இதையெல்லாம் நம்புகிறீர்களா" என்று கருத்துப் பகுதிக்கு வரப்போகிறவர்களுக்கு: நான் நம்பச் சொல்லவில்லை. வண்டல் எங்கே தங்கும் என்பதைச் சரிவும் ஈரமும் முடிவு செய்கின்றன. குதிரையைக் காண்பது நம் கண். கோப்பையைக் கொஞ்சம் சாய்த்தால் அதே குதிரை ஒட்டகமாகிவிடும். துருக்கிக்காரர்களே "குறியை நம்பாதே, குறி பார்க்காமலும் இருக்காதே" என்றுதான் சொல்கிறார்கள். குறி சொல்வதைத் தொழிலாகச் செய்ய அங்கே 1925-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. அதனால்தான் சில காபிக்கடைகள் காபிக்கு விலை வைத்துக் குறியை 'இலவசம்' என்கின்றன. தோழிகளுக்குள் அது வேறு விஷயம். நேராகக் கேட்கத் தயங்குவதைக் கோப்பையை வைத்துக் கேட்டுக்கொள்வார்கள்.

ஆகவே தோழியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குதிரை கைப்பிடிக்கு எந்தப் பக்கம் நின்றது, எங்கே பார்த்தது? கிஸ்மெத் என்று எதை வைத்துச் சொன்னாள், மீன் ஏதாவது இருந்ததா? அடுத்த முறை கோப்பையைக் கழுவும் முன்பே கேட்டுவிடுங்கள்.