காலடி எண்ணும் சிறுவன்: கதைக்குள் வரும் கணக்கு சரியாக இருக்க

கேள்வி: சிறுவர் கதை ஒன்று எழுதுகிறேன். எட்டு வயதுப் பையன் தினமும் பள்ளிக்குப் போகும்போது காலடிகளை எண்ணுகிறான். எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் 1,200, மறுநாள் 900, அதற்கடுத்த நாள் 1,500 என்று வைத்திருக்கிறேன். இது நம்பும்படி இருக்குமா? மாறுவதற்கு என்னென்ன காரணம் சொல்லலாம்?

பதில்: 1,200 நன்றாகப் பொருந்துகிறது. மற்ற இரண்டும் நடக்காது. எட்டு வயதுப் பிள்ளை இயல்பாக நடக்கும்போது ஒரு காலடி ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் வரும். 1,200 காலடி என்றால் பள்ளி 624 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதே தூரம் 900-இல் முடிய வேண்டுமானால் ஒவ்வொரு காலடியும் 69 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பாதி வழிக்குமேல் ஓடினால்தான் அது ஆகும். 1,500 வர வேண்டுமானால் 42 சென்டிமீட்டருக்கும் குறைவாக எட்டு வைத்து வழி நெடுக ஊர்ந்து போக வேண்டும். உங்கள் வாசகர்களில் நாலு பேராவது மறுநாளே எண்ணிப் பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரே பையன், ஒரே வழி, ஒரே வேகம் என்றாலும் எண் அச்சடித்ததுபோல் வராது. காலடி ஒரு சென்டிமீட்டர் நீண்டு 53 ஆனாலே 624 மீட்டர் 1,177-இல் முடிந்துவிடும். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத வித்தியாசம் 23 காலடியைத் தின்றுவிடுகிறது. ஆகவே சாதாரண நாட்களில் 1,180-க்கும் 1,220-க்கும் நடுவே எண் ஆடட்டும். அதற்கு நீங்கள் காரணமே சொல்ல வேண்டாம். காரணம் கேட்பவை இந்த எல்லையைத் தாண்டும் நாட்கள்தான். எவ்வளவு தாண்டியது, எந்தப் பக்கம் தாண்டியது என்பதை வைத்தே என்ன நடந்தது என்று உங்கள் பையன் துப்புத் துலக்கலாம்.

ஒரு வாரத்தை இப்படி வைத்துப் பாருங்கள். திங்கள் 1,204, செவ்வாய் 1,183, புதன் 1,297, வியாழன் 1,108, வெள்ளி 1,196.

புதன்கிழமை மழை. வழுக்கும் தரையில் யாரும் காலை நீட்டி வைப்பதில்லை. காலடி 48 சென்டிமீட்டராகக் குறுகினால் கணக்கு 1,300 வரும். 1,297 அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. மழை வேண்டாம் என்றால் சின்னத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போகட்டும். அவளுக்காக மெதுவாக நடக்கும்போது இவன் காலடியும் தானாகக் குறுகும். அது 45-க்கு இறங்கினால் எண் 1,380-ஐத் தாண்டிவிடும். எதிர்ப்பக்கம் வேண்டுமானால் மணி அடித்துவிடுமோ என்று கடைசி 100 மீட்டரை ஓடவிடுங்கள். நடந்தால் 192 காலடி பிடிக்கும் இடம், ஓடும்போது காலடி 80 சென்டிமீட்டர் என்று கொண்டால் 125-இல் முடியும். 67 குறையும்.

வியாழன்தான் சுவையான நாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஓடவும் இல்லை, ஆனாலும் ஏறக்குறைய நூறு குறைகிறது. எண் நூறை ஒட்டிப் பிசகினால் காலைச் சந்தேகிக்காதீர்கள், வாயைச் சந்தேகியுங்கள். அவன் நடந்தது 1,208. நடுவில் ஒரு நூறை விழுங்கிவிட்டான்.

தமிழில் எண்ணும் பிள்ளைக்கு இது எளிதில் நேரும். நிமிடத்துக்கு 120 காலடி என்றால் ஒரு காலடிக்கு அரை நொடி. ‘ஏழு’ என்று சொல்ல அது போதும். ‘எழுநூற்று எழுபத்தேழு’ என்பதை அரை நொடியில் முடிக்க முடியுமா? வாய் பின்தங்கும், கால் முந்தும். ஒன்று, வாய்க்காக நடை மெதுவாகி காலடி குறுகும். இல்லையென்றால் சில காலடிகள் எண்ணப்படாமலே போகும். தொண்ணூறில் ‘நூறு’ ஒலிப்பதும், தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிப்பதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் காலை நேரத்துக்கு ஏற்ற பொறிகள்.

இதற்கு உங்கள் பையன் கண்டுபிடிக்கக்கூடிய வழி ஒன்று உண்டு. எப்போதும் ஒன்றிலிருந்து நூறு வரை மட்டும் எண்ணி, ஒவ்வொரு நூறுக்கும் ஒரு கூழாங்கல்லை வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றுவது. 19-ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குள் மறைவாக நடந்து தூரம் அளந்த நைன் சிங் போன்றவர்கள் இதையேதான் செய்தார்கள். அவர்கள் கையிலிருந்த ஜெபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் இருந்தன; நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார்கள். உங்கள் கதையில் ஒரு தாத்தா இதைச் சொல்வதற்கு இடம் இருக்கிறது.

ஒரு காரணத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘தெருவின் அந்தப் பக்கம் போனதால் தூரம் கூடிவிட்டது’ என்று எழுதத் தோன்றும். 100 மீட்டர் நடப்பதற்குள் 6 மீட்டர் அகலத் தெருவைச் சாய்வாகக் கடந்தால் கூடுவது 18 சென்டிமீட்டர்தான், அரைக் காலடிகூடத் தேறாது. நேர் குறுக்காகப் போய் மறுபடி நேர் குறுக்காகத் திரும்பினால் 12 மீட்டர், அதாவது 23 காலடி கூடும். எதிர்ப்புறம் நிற்கும் நாய்க்குட்டியைப் பார்க்கப் போய் வந்தான் என்றால் சரி.

எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறான் என்பதையும் முதல் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். பள்ளி வாசல் கதவா, வகுப்பறை நிலையா? இரண்டுக்கும் நடுவே 15 மீட்டர் இருந்தாலே 29 காலடி.

பையன் எண்ணை நேற்றையதோடு ஒத்துப்போக வைக்க முயலும் காட்சி ஒன்று வைக்கலாம், அது உண்மையில் நடப்பதுதான். பள்ளி 50 மீட்டரில் தெரிகிறது, எண்ணிக்கையோ 30 குறைவாக வரும்போல் இருக்கிறது. அந்த 50 மீட்டருக்கு வழக்கமான 96 காலடிக்குப் பதில் 126 வைக்க வேண்டும். காலடியை 40 சென்டிமீட்டராகச் சுருக்கினால் முடிந்தது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும், அவனுக்கு வியர்க்கும்.

இனி முடிவு. எட்டு வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் உயர்வார்கள், காலடி 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அப்போது 1,200 என்பது 1,145 ஆகிவிடும். வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எண் தேய்கிறது. தினசரி ஆட்டம் இருபது, முப்பது இருக்கும்போது இந்த ஒன்று கண்ணில் படாது. அதனால் அவன் நாளுக்கு நாள் ஒப்பிடக் கூடாது. பள்ளி ஆண்டின் முதல் வாரச் சராசரியையும் கடைசி வாரச் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். மழை நாளை விட்டுவிடட்டும், விழுங்கிய நூறைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

பள்ளி நகர்ந்துவிட்டதா, தான் வளர்ந்துவிட்டோமா என்று அவன் சோதிக்க ஈரக்கால் போதும். காலை நனைத்துக்கொண்டு உலர்ந்த தரையில் நடந்து, முதல் தடத்தின் குதிகாலிலிருந்து கடைசித் தடத்தின் குதிகால்வரை நாடாவால் அளப்பான். ஆண்டுத் தொடக்கத்தில் பத்துக் காலடிக்கு 5.20 மீட்டர், இப்போது 5.45. இங்கே ஒரு எச்சரிக்கை: பத்துக் காலடிக்குத் தரையில் பதினோரு தடம் இருக்க வேண்டும். பத்துத் தடத்தை அளந்துவிட்டுப் பத்தால் வகுத்தால் காலடி 49 சென்டிமீட்டர் என்று வரும், பையன் ஓராண்டில் சுருங்கிவிட்டதாகக் கதை முடியும்.