வீட்டிலிருந்து கொட்டகைக்கு கேபிள்: கேள்வி பதில்

வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகை 60 மீட்டர். கேமராவுக்கு கேட்6 கேபிளை மண்ணில் புதைத்து இழுக்கலாமா அண்ணா?

தூரம் பிரச்சினையே இல்லை, 100 மீட்டர் வரை ஓடும். பிரச்சினை இடிதான். பக்கத்தில் எங்கோ இடி விழுந்து அதில் ஒரு சிறு பங்கு, 1000 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு எர்த் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. எர்த் 5 ஓம் இருந்தால் அந்தக் கணத்தில் வீட்டு எர்த்தே 5000 வோல்ட்டுக்கு எகிறும். கொட்டகை எர்த் அப்படியே கிடக்கும். நடுவில் இருக்கும் செம்புக் கம்பிதான் அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் காப்பு 1500 வோல்ட்டுக்குத்தான் சோதிக்கப்படுகிறது. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஃபைபர் போடுங்கள். கண்ணாடியில் கரண்ட் பாயாது. இரண்டு முனையிலும் லேன் சிக்னலை ஒளியாகவும் ஒளியை லேன் சிக்னலாகவும் மாற்றும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர், நடுவே ஒற்றை இழை, அவ்வளவுதான். கன்வெர்ட்டர் வாங்கும்போது ஒன்று A, இன்னொன்று B என்று ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டும் A ஆக வாங்கிவிட்டு விளக்கு எரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அப்புறம், சில ஃபைபர் கேபிளுக்குள் தாங்கலுக்கு இரும்புக் கம்பி ஓடும். கடையிலேயே ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் வேண்டாம். இடிக்குப் பயந்து ஃபைபர் போட்டுவிட்டு, கூடவே ஒரு இரும்புக் கம்பியையும் இழுத்து என்ன பயன்?

கொட்டகைக்கு கரண்ட் லைனும் போக வேண்டும். ஒரே பைப்பில் இரண்டையும் விட்டுவிடலாமா? ஒரு அடி ஆழம் போதும் என்கிறார் எங்கள் ஆசாரி.

ஒரே பைப் வேண்டாம். கரண்டுக்கு ஆர்மர்ட் கேபிள், 75 செ.மீ. ஆழம். இந்தியத் தர நிர்ணயம் சொல்வதும் அதுதான். வண்டி போகும் பாதையைக் கடந்தால் ஒரு மீட்டர். அடியில் மணல், மேலே மணல், அதன்மேல் ஒரு வரிசைச் செங்கல். பின்னால் யாராவது தோண்டினால் முதலில் செங்கல் தட்டுப்படும், அங்கேயே மண்வெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

ஃபைபரால் ஆளுக்கு ஆபத்து இல்லை, அதனால் ஆசாரி சொன்ன ஒரு அடி அதற்கு மட்டும் சரி. உழும் நிலமாக இருந்தால் அதுவும் பத்தாது. எப்படியும் பள்ளம் தோண்டத்தானே போகிறீர்கள்? கரண்ட் கேபிளைப் புதைத்து, செங்கல் வைத்து, பாதி மண் தள்ளியபின் ஃபைபர் பைப்பை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு அடி மண் இருக்கட்டும்.

நான் பிவிசி பைப்புக்குள் சாதாரண கேட்6 விட்டிருக்கிறேன். மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

பைப்புக்குள் தண்ணீர் வராது என்று நினைத்திருந்தால், ஒரு முனையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எவ்வளவு பசை போட்டு ஒட்டினாலும் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி, தாழ்வான இடத்தில் தேங்கும். வீட்டுக்குள் போடும் கேபிளின் உறை அதில் ஊறிக்கொண்டே இருக்கும். கேபிள் ஒரே நாளில் சாகாது. 1000 Mbps வேகத்தில் ஓடிய லைன் ஒருநாள் 100 என்று காட்டும். 1000க்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். அதாவது ஒரு ஜோடியாவது போய்விட்டது. உங்களுடையது இப்போது எத்தனை காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

புதிதாகப் போடுபவர்கள் வெளியில் புதைப்பதற்கென்றே வரும் கருப்பு உறைக் கேபிளை வாங்குங்கள். பைப்பில் எல்போ போடாமல் நீள வளைவு போடுங்கள். கூடவே ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டு வையுங்கள், அடுத்த கேபிள் இழுக்க உதவும்.

ஏற்கெனவே செம்புக் கேபிள் போட்டாயிற்று. இரண்டு முனையிலும் லேன் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக எர்த் ராடு அடித்திருக்கிறேன். சரிதானே?

பாதி சரி. இரண்டு முனையிலும் வைத்தது நல்லது. பலர் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் தனி ராடு தப்பு. சுவிட்சுக்கு கரண்ட் ஒரு எர்த்திலிருந்து வருகிறது, புரொடெக்டர் வேறொரு எர்த்தில் நிற்கிறது. இடி நேரத்தில் அந்த இரண்டுக்கும் நடுவிலேயே வித்தியாசம் வந்து, சுவிட்ச் வழியாகப் பாயும். ராட்டைப் பிடுங்க வேண்டாம், அந்தக் கட்டடத்தின் மெயின் எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். புரொடெக்டரிலிருந்து போகும் எர்த் வயர் குட்டையாக, சுருட்டாமல் நேராகப் போகட்டும். கொட்டகைக்குக் கரண்ட் பிரியும் டிபி பெட்டியில் கரண்ட் லைனுக்கான சர்ஜ் புரொடெக்டர், அதாவது டைப் 2 எஸ்பிடி ஒன்றும் வேண்டும், இடி கரண்ட் லைனிலும் வரும்.

நீங்கள் சொன்னபடி ஃபைபர்தான் போட்டேன், எஸ்பிடியும் இருக்கிறது. போன மாதம் இடியில் கேமரா போய்விட்டது, கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது.

கேமரா கொட்டகைக்குள் இருக்கிறதா, வெளியே இரும்புக் கம்பத்திலா? கம்பத்தில் என்றால், கொட்டகையிலிருந்து அதுவரை போவது செம்புக் கேபிள்தானே, அந்தத் துண்டைத்தான் சந்தேகப்படுவேன். எஸ்பிடியில் பச்சை ஜன்னல் சிவப்பாகிவிட்டதா என்றும் பாருங்கள். பார்க்காமல் இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. கம்பத்தையும் கேபிள் இறங்கும் இடத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.