பரணில் எலிப்புழுக்கை

கேள்வி: தாராவியில் பூட்டிக் கிடந்த எங்க வீட்டுப் பரண் முழுக்க எலிப்புழுக்கை. கூட்டினா கிட்னி போயிடுமா?

போயிடும்னு இல்லை, ஆனா துடைப்பத்தைத் தொடாதீங்க. ஹன்டா வைரஸ் எலியின் சிறுநீர், எச்சில், புழுக்கையில் வெளியேறும். காய்ந்ததைக் கூட்டினால் தூசியோடு மூச்சில் ஏறும். சாக்கடை எலி சுமக்கும் சியோல் வகை கிட்னியைத் தாக்கும். நுரையீரலை அடிப்பவை அமெரிக்கக் கண்டத்து வகைகள்.

ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்க. மாஸ்க், கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை ஊறும்படி தெளிங்க. 5 நிமிடம் கழித்துக் காகிதத்தால் வழித்தெடுங்க.

அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், இடுப்புவலி வந்து சிறுநீர் குறைந்தால், டாக்டரிடம் பரண் கதையைச் சொல்லுங்க. மும்பை மழையில் வரும் லெப்டோ எனும் எலிக்காய்ச்சலும் இப்படித்தான் காட்டும். அது பாக்டீரியா, ஆன்டிபயாடிக்குக் கேட்கும். ஹன்டாவுக்கு டயாலிசிஸ் மாதிரித் துணைச் சிகிச்சைதான்.