குறைந்த செலவில் ஒரு வார இறுதிப் பயணத் திட்டத்தை ஒரே நிமிடத்தில் எப்படிச் சொல்வது? செலவு, நேரம், உண்மையான ஒரு எச்சரிக்கை மூன்றும் இருக்க வேண்டும்.

நண்பர்களுக்குக் குரல்பதிவாக அனுப்பும் பழக்கம் எனக்கு உண்டு. நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய நூறு சொற்கள்தான் வரும். அதனால் இடத்தின் அழகை வர்ணிக்க நான் ஒரு சொல்லைக்கூடச் செலவழிப்பதில்லை. அதைப் படம் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

முதலில் செலவு. "ஆளுக்கு இவ்வளவுதான்" என்று ஒற்றை எண்ணைச் சொல்வதில்தான் பெரும்பாலான திட்டங்கள் பொய்யாகின்றன. எத்தனை பேருக்கு என்பதைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பணத்தின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். போக வர பஸ் 10, இரண்டு நாள் சாப்பாடு 6, உள்ளூர் பஸ்ஸும் நுழைவுச்சீட்டும் 2. இந்த 18 ஒவ்வொரு தலைக்கும் உண்டு, குறையாது. இருவர் தங்கும் அறை ஒரு இரவுக்கு 12, ஒரு நாள் வாடகை வண்டி 8. இந்த 20தான் பங்கு பிரியும்.

தனியாகப் போனால் 38. இருவர் போனால் ஆளுக்கு 28. நால்வர் போனால் இன்னும் பாதியாகும் என்று தோன்றும், ஆனால் ஆகாது. இரண்டாவது அறை எடுக்க வேண்டும் என்பதால் 26தான் வரும். அதாவது ஒருவர் இருவராகும்போது கிடைக்கும் லாபம், இருவர் நால்வராகும்போது கிடைப்பதில்லை. கேட்பவர் தனியாகப் போகிறவராக இருந்தால் 28 என்ற எண் அவரை ஏமாற்றிவிடும். ஆகவே "இருவர் போனால் ஆளுக்கு 28, தனியாகப் போனால் 38" என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். அதற்கு ஐந்து விநாடி போதும்.

அடுத்தது நேரம். "இரண்டு மணி நேரப் பயணம்" என்பதைவிட "8 மணி பஸ்" என்பது கேட்பவருக்கு உதவும். மொத்தம் ஏழெட்டு மணிக்குறிப்புகளுக்கு மேல் போனால் மனதில் நிற்பது கடினம். இரவு பஸ்ஸில் போனால் ஒரு இரவு அறை வாடகை மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் காலை 6 மணிக்கு இறங்கி நிற்பீர்கள், அறையோ பல இடங்களில் மதியம்தான் கிடைக்கும். அந்த ஆறு மணி நேரம் பையை எங்கே வைப்பது, எங்கே குளிப்பது என்பது திட்டத்தில் இல்லையென்றால் சனிக்கிழமை காலை முழுக்க வீண். பையை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்களா என்று விடுதியில் அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடலாம்.

அப்புறம் எச்சரிக்கை. "கூட்டமாக இருக்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள்" என்பதெல்லாம் எச்சரிக்கையில் சேராது. எது தவறினால் திட்டமே உடையுமோ, அதை நேரத்தோடும் விலையோடும் சொல்ல வேண்டும். நான் அதைக் கடைசியில் வைக்க மாட்டேன். எந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்களோ அங்கேயே சொல்லிவிடுவேன். கடைசிப் பத்து விநாடியை யார் கேட்கிறார்கள்?

ஒரு மலையூருக்கு இப்படி வரும்:

"வெள்ளி இரவு 10 மணி பஸ். சனி காலை 6க்கு இறங்கி, பையை விடுதியில் வைத்துவிட்டுக் குளித்துச் சாப்பிடுங்கள். 8 மணிக்கு உள்ளூர் பஸ்ஸில் அருவி. மதியம் திரும்பி அறை. 3 மணிக்கு அதே பஸ்ஸில் மலை உச்சி. கவனம்: அங்கிருந்து கடைசி பஸ் 5:30. சூரியன் மறைவதைப் பார்க்க நின்றால் பஸ் போய்விடும். வாடகை வண்டிக்கு 8 ஆகும், இருவர் என்றால் ஆளுக்கு 28 என்பது 32 ஆகிவிடும். ஞாயிறு காலை 9க்கு வாடகை வண்டி, பையும் அதிலேயே. மாலை வரை சுற்றிவிட்டு இரவு 9 மணி பஸ். இருவர் போனால் ஆளுக்கு 28, தனியாக 38."

சாதாரணமாகப் பேசினாலே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சு வாங்கினால் அருவியை வெட்டுங்கள், கடைசி பஸ்ஸை வெட்டாதீர்கள்.

எந்த மாத விலை என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுவது நல்லது. நீண்ட விடுமுறை வந்து அறை வாடகை இரட்டிப்பானால், இருவருக்கான அதே 28 எண் 34 ஆகிவிடும்.