லாரி வருவதற்குள் கணக்கைப் பேசிவிடுங்கள்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்பூட்டில் ஏழு வருடமாகப் புல் வெட்டும் மெஷின் விற்கிறேன். ஒரே கம்பெனியின் டீலர். 60 நாளில் டீலர்ஷிப் முடிகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. பாக்கி 18,400 வெள்ளியை 14 நாளில் கட்டச் சொல்கிறார்கள், போர்டை உடனே இறக்கச் சொல்கிறார்கள். கடையில் 23 மெஷின் இருக்கிறது. எடுத்துப்போக லாரி அனுப்புவதாக சேல்ஸ்மேன் போனில் சொன்னார். என் டெப்பாசிட் 5,000 வெள்ளி அவர்களிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் பில்களையும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: லாரி வந்தால் ஒரு மெஷினையும் ஏற்றிவிடாதீர்கள். என்ன விலைக்குத் திரும்ப எடுக்கிறார்கள், அந்தத் தொகையைப் பாக்கியில் கழிக்கிறார்களா என்று எழுத்தில் வந்த பிறகு ஏற்றலாம். என் மாமா பூச்சிமருந்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் கடையிலிருந்து இப்படித்தான் பெட்டிகளை ஏற்றிப் போனார்கள். டிரைவர் கையெழுத்துப் போட்ட சீட்டில் 'பெட்டி 31' என்று மட்டுமே இருந்தது. நான்கு மாதம் கழித்து, பாதிப் பெட்டி உடைந்திருந்தது, காலாவதியும் நெருங்கிவிட்டது என்று சொல்லி விலையில் பாதியைத்தான் வரவு வைத்தார்கள். சரக்கு கையை விட்டுப் போன பிறகு மாமா எதைக் காட்டிப் பேசுவார்?

உங்கள் ஒப்பந்தத்தின் 14-வது பிரிவை நிதானமாகப் படியுங்கள். பிரிக்காத சரக்கைப் பில் விலையில் பத்து விழுக்காடு கழித்துக் கம்பெனி திரும்ப வாங்க'லாம்' என்றுதான் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'மே' என்று எழுதியிருக்கிறார்கள், 'ஷால்' என்று எழுதவில்லை. அதனால் வாங்கியே ஆகவேண்டும் என்று நீங்கள் வற்புறுத்த முடியாது. இது உங்களுக்குப் பாதகமான வரிதான், மறைக்காமல் சொல்கிறேன்.

அதே சமயம், திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உங்களை வற்புறுத்தும் வரியும் ஒப்பந்தத்தில் இல்லை. பில்களின் பின்பக்கத்தையும் பார்த்தேன். முழுப் பணமும் கட்டும்வரை பொருள் கம்பெனிக்கே சொந்தம் என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். உங்கள் பில்லில் அது இல்லை. இருந்திருந்தால் பணம் கட்டாத மெஷின்களை அவர்கள் கேட்டு எடுக்க வழி இருந்திருக்கும். விற்றுத்தரச் சொல்லி வைத்துப்போன சரக்கும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் பில் போட்டு உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். ஆகவே 23 மெஷினும் உங்களுடையவை, பாக்கி என்பது தனிக் கடன். டீலர்ஷிப் முடிந்த பிறகும் அந்த அசல் மெஷின்களை நீங்கள் விற்கலாம். அதே ஊரில் புது டீலர் கடை திறக்கும்போது, பக்கத்துக் கடையில் அதே மெஷின் 50 வெள்ளி குறைவாகப் போவதை எந்தக் கம்பெனி விரும்பும்? பேச்சுவார்த்தையில் உங்கள் பலம் அதுதான்.

இனி கணக்கு. பில்படி ஒரு மெஷின் 620 வெள்ளி. 23-இல் 15 பெட்டி பிரிக்காதவை, 8 ஷோவுக்குப் பிரித்து வைத்தவை. பில் விலையில் பத்து விழுக்காடு கழித்தால் 558 வெள்ளி, 15 மெஷினுக்கு 8,370. பாக்கி 18,400-இல் டெப்பாசிட் 5,000 போகும். போன வருட விற்பனைக்குத் தருவதாகச் சொல்லித் தராத தள்ளுபடி 1,150. வாரண்டியில் நீங்கள் சரிசெய்து கொடுத்த வேலைக்கு இன்னும் வராத கூலி 740. இவை மூன்றும் போக 11,510. அதில் திரும்பப் போகும் 15 மெஷினின் 8,370-ஐக் கழித்தால் நீங்கள் கட்டவேண்டியது 3,140 வெள்ளி. பிரித்த 8 மெஷினை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள்.

18,400 எப்படி 3,140 ஆனது என்று கம்பெனியின் கணக்குப் பிரிவு கேட்கும். அதனால் ஒவ்வொரு கழிவுக்கும் தாள் வேண்டும்: டெப்பாசிட் ரசீது, தள்ளுபடி அறிவித்த சுற்றறிக்கை, கஸ்டமர் கையெழுத்திட்ட வாரண்டி சீட்டுகள். எந்தக் கழிவும் இல்லாமல் பில்லை முழுதாகக் கட்டவேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும், உங்களுடையதில் இல்லை. 14 நாள் கெடு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். கடைசி பில் 6,200 வெள்ளிக்கு 60 நாள் கடன் தவணை இன்னும் முடியவில்லை. ஒப்பந்தம் முடியும் நாளில்தான் எல்லா பில்லும் ஒன்றாகக் கட்டவேண்டியதாகிறது. மீதி 12,200 உண்மையிலேயே தவணை தாண்டியது. அதைப் பற்றிப் பேசாமல் இருந்தால் வட்டி ஓடும், வக்கீல் நோட்டீஸும் வரும். இந்த வாரமே கணக்கைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சேல்ஸ்மேனின் போன் பேச்சை நம்பி உட்காராதீர்கள்.

அவர்கள் ஒத்துக்கொண்டால் லாரி வரும் நாளில் 15 மெஷினின் சீரியல் எண்ணையும் ஒரே தாளில் எழுதி, பெட்டியின் சீல் தெரியும்படி படம் எடுத்து, டிரைவரோடு கம்பெனி ஆள் ஒருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அப்புறம் வரவுச் சீட்டு எத்தனை நாளில் வரும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

போர்டைப் பற்றி: 60 நாள் முடியும்வரை நீங்கள் டீலர்தான், உடனே இறக்கத் தேவையில்லை. முடிந்த மறுநாள் கம்பெனியின் பெயரும் சின்னமும் உள்ள போர்டு, சட்டை, ரசீதுப் புத்தகம், முகநூல் பக்கத்தின் பெயர் எல்லாம் மாறியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் 2019-ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டத்தைக் காட்டுவார்கள். மீதமுள்ள சரக்கு விற்றுத் தீரும்வரை 'இந்த மெஷின் இங்கே கிடைக்கும்' என்று ஒரு சிறு அட்டை வைப்பது வேறு, 'அங்கீகரிக்கப்பட்ட டீலர்' என்று போடுவது வேறு. இரண்டாவதை ஒரு நாள்கூட வைக்காதீர்கள். புதுப் போர்டுக்கு கோல கங்சார் நகராண்மைக் கழகத்தில் லைசென்ஸ் வாங்க நாளாகும், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்களிடம் மெஷின் வாங்கியவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வீட்டைச் சுற்றிப் புல் வெட்ட உங்களிடம் வாங்கிய ஒருவரின் மெஷின் வாரண்டிக்குள் பழுதானால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற கடைக்காரராகிய உங்களிடமும் அவர் வந்து கேட்கலாம். டீலர்ஷிப் முடிந்தது அவருக்குப் பதிலாகாது. ஆகவே நீங்கள் விற்ற மெஷின்களுக்கு வாரண்டி முடியும்வரை ஸ்பேர் பார்ட்ஸும் பழுது பார்ப்பும் கம்பெனி பொறுப்பு என்று ஒரு வரி, முடிவுக் கடிதத்தில் கட்டாயம் இருக்கவேண்டும்.

பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு ஓடாதீர்கள். மறுவிற்பனைக்கு வாங்கிய வியாபாரியின் புகார் அங்கே எடுபடாது. ஒரு லட்சம் வெள்ளி வரையான வழக்குகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான். ஒப்பந்தப் பாக்கிக்கு ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம். அது கம்பெனிக்கும் பொருந்தும், மறந்துவிடுவார்கள் என்று எண்ணவேண்டாம்.

கடைசியாக, டீலர்ஷிப் எடுத்த நாளில் நீங்கள் கையெழுத்திட்ட சொந்த உத்தரவாதக் கடிதம் ஒன்று அனுப்பிய தாள்களில் இருக்கிறது. கடைக் கடனுக்கு வீட்டையும் சேமிப்பையும் பொறுப்பாக்குவது அதுதான். டீலர்ஷிப் முடிவதால் அது தானாக ரத்தாகாது. 3,140 வெள்ளிக்கான செக்கை நீட்டும் அதே மேசையில் அந்தக் கடிதத்தின் அசலையும், இனி பாக்கி எதுவும் இல்லை என்ற சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.