புதியவள் என்று எழுதினால் யார் வருவார்கள் என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார். உங்கள் மகள் தன் இணையதளத்துக்கு எழுதிய "என்னைப் பற்றி" பகுதியையும், அதன் மேல் நீங்கள் செய்த திருத்தங்களையும் சேர்த்தே படித்தேன். "காப்பீட்டு முகவராக உரிமம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது" என்று அவர் எழுதியிருக்கிறார். நீங்கள் அதை அடித்துவிட்டு "காப்பீட்டுத் துறையில் 6 ஆண்டு அனுபவம்" என்று போட்டிருக்கிறீர்கள். பொய் இல்லையே சார், மருத்துவமனையில் காப்பீட்டு கவுண்ட்டரில்தானே ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்கிறீர்கள்.

பொய் இல்லைதான். ஆனால் படிக்கிறவருக்கு அந்த வரி எப்படிக் கேட்கும்? இந்தப் பெண் ஆறு வருஷமாக பாலிசி போட்டுக் கொடுக்கிறாள் என்றுதான் கேட்கும். முதல் சந்திப்பிலேயே யாராவது ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கீங்க?" என்று கேட்பார். மூன்று என்பதுதான் உண்மையான பதில். அந்த இடத்தில் உங்கள் மகள் தடுமாறினால், அதற்கு முன்னால் சொன்ன சரியான விஷயங்களும் சேர்ந்தே சந்தேகத்துக்குள் போய்விடும். இன்று பணம் கட்டி, என்றைக்கோ தேவைப்படும்போது கைகொடுக்கும் என்று நம்பி வாங்குகிற பொருள் இது. விற்கிறவரின் பேச்சை விட்டால் தொட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் அடித்த இடத்தில்தான் அவருடைய உண்மையான பலமே இருக்கிறது. "6 ஆண்டு அனுபவம்" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த ஆறு வருஷத்தில் அவர் பார்த்தது என்ன? தினமும் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர் விண்ணப்பத்தில் "எந்த நோயும் இல்லை" என்று எழுதியதால் திரும்பி வந்த க்ளைம். பாலிசி எடுத்த புதிதில் சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் முடிய சில வாரம் இருக்கும்போதே செய்துகொண்ட அறுவை சிகிச்சை. அப்புறம் அறை வாடகை. பாலிசியில் அதற்கு உச்சவரம்பு இருக்கும்போது அதைவிட வசதியான அறையில் சேர்ந்தால், சில பாலிசிகளில் வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள். மருத்துவர் கட்டணம் போன்ற மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். பில் கையில் வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிற முகங்களை உங்கள் மகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பல வருஷம் விற்பனை மட்டுமே பார்த்த முகவருக்குக்கூட இது இவ்வளவு கிட்டத்தில் தெரியாமல் இருக்கலாம்.

அதனால் வேலையின் பெயரைப் பெரிதாக்க வேண்டாம், செய்த வேலையைச் சொன்னால் போதும். அதிலும் வினைச்சொல்லில் கவனம் வேண்டும். "க்ளைம்களைத் தீர்த்து வைத்தேன்" என்று ஓர் இடத்தில் இருக்கிறது. க்ளைமை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்கிறது காப்பீட்டு நிறுவனம். அவர் செய்தது ஆவணங்களைச் சேர்த்து அனுப்பி, அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வாங்கிக் கொடுத்தது. அப்படியே எழுதட்டும். கேட்க இன்னும் நன்றாகவே இருக்கிறது.

"உங்கள் க்ளைமுக்கு நான் பொறுப்பு" என்று நீங்கள் சேர்த்த வரியையும் இதே காரணத்துக்காக எடுத்துவிட்டேன். அவர் கையில் இல்லாததற்கு அவர் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? "நிதி ஆலோசகர்" என்ற பட்டமும் வேண்டாம், பல நாடுகளில் அதற்குத் தனி உரிமம் கேட்பார்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிக்கையை "நாங்கள்" போட்டு எழுதியதும் போகட்டும். அது நிறுவனத்தின் கணக்கு, அவருடையது இல்லை.

ஒரு நோயாளியின் கதை இருக்கிறதே, மனதைத் தொடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் இல்லாவிட்டாலும் வயது, நோய், சேர்ந்த மாதம் மூன்றும் சேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தங்கள் கதைதான் என்று தெரிந்துவிடும். பழைய வேலையில் கண்ணில் பட்டதை இப்படி வெளியில் போடுகிறவரிடம் நான் என் மருத்துவ விவரத்தைக் கொடுக்க மாட்டேன்.

இதையெல்லாம் கழித்தபின் நான் எழுதிப் பார்த்தது கீழே இருக்கிறது. அவர் தன் பேச்சுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளட்டும்.

"வணக்கம். நான் மருத்துவக் காப்பீட்டு முகவர். இந்த வேலைக்குப் புதியவள். இந்த ஆண்டுதான் உரிமம் பெற்றேன். அதற்கு முன் 6 ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். நோயாளிகளின் க்ளைம் ஆவணங்களைச் சேர்த்து நிறுவனங்களுக்கு அனுப்புவது என் வேலை. எந்தக் காரணங்களால் க்ளைம் திரும்பி வருகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதனால் பாலிசி எடுக்கும் முன்பே காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, மறைக்கக் கூடாத பழைய நோய்கள் மூன்றையும் உங்களோடு உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். ஒரே நிறுவனத்தின் பாலிசிகளை மட்டும் விற்கிறேன். எனக்குக் கமிஷன் தருவதும் அந்த நிறுவனம்தான். எனக்குத் தெரியாத கேள்வி வந்தால் என் மேலாளரிடம் கேட்டு, மறுநாளுக்குள் எழுத்தில் பதில் தருவேன்."

இதன் கீழே உரிம எண், நிறுவனத்தின் பெயர், தொலைபேசி எண் வரட்டும். கமிஷன் வரியைப் பார்த்து நீங்கள் நெளிவீர்கள் என்று தெரியும். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவரே முந்திக்கொண்டு சொல்வதில் நட்டம் ஒன்றும் இல்லை. "மறுநாளுக்குள்" என்பதை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், மேலாளர் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறவர் இல்லையென்றால் மூன்று நாள் என்று எழுதட்டும்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் மகளைத் தெரியாத இரண்டு பேரிடம் இதைப் படிக்கக் கொடுத்து, திருப்பி வாங்கிக்கொண்டு, "இவர் எத்தனை வருஷமாகப் பாலிசி விற்கிறார்?" என்று கேளுங்கள். இரண்டு பேரும் "இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்" என்றால் சரி. யாராவது "ஆறு வருஷம்" என்றால், ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருந்தாலும் சேர்த்துப் படிக்கும்போது வேறு அர்த்தம் வருகிறது என்று பொருள். "புதியவள்" என்ற வரியை இன்னும் மேலே ஏற்ற வேண்டும்.

எவ்வளவு நாளைக்கு இப்படி என்று கேட்பீர்கள். ஒரு வருஷம் கழித்து, தான் போட்டுக் கொடுத்த பாலிசியில் முதல் க்ளைம் வந்து, அதில் கூடவே நின்ற பிறகு, அந்த வரியை எடுத்துவிட்டு எண்ணிக்கையை எழுதலாம். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான், "பலர்" வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். நீங்கள் அனுப்பிய உரிம அட்டையின் படத்தில் உள்ள எண்ணும் இந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்த எண்ணும் கடைசிக்கு முந்தைய இலக்கத்தில் மாறியிருக்கின்றன. யாராவது தேடிப் பார்த்து "இப்படி ஒரு முகவரே இல்லை" என்று நினைப்பதற்குள் அதை இன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.