ஸ்பான்சர் இருந்தால் மட்டும் போதாது

"அண்ணே, துபாயில் ஏசி டெக்னீஷியன் வேலை. ஏஜெண்ட் 'ஸ்பான்சர் ரெடி, விசா வந்துடும், பணத்தைக் கட்டு'ன்னு சொல்றார். ஒர்க் பெர்மிட் பற்றிக் கேட்டா, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றார். அப்படியா?"

ஒன்றில்லை தம்பி. நம்ம ஊரில் திருவிழாவுக்குப் பணம் தருபவரை ஸ்பான்சர் என்கிறோம். அங்கே அது வேறு. அமீரகத்துக்குள் நீங்கள் இருப்பதற்கு அரசிடம் பொறுப்பேற்பவர்தான் ஸ்பான்சர். உங்கள் விசா அவர் பெயரில்தான் நிற்கும். பழைய ஆட்கள் கஃபீல் என்பார்கள். ஒர்க் பெர்மிட் என்பது இன்னார் இந்தக் கம்பெனியில் இந்த வேலை செய்யலாம் என்ற அனுமதி. அதை மனிதவள அமைச்சகம் தரும். விசா கொடுப்பது குடிவரவுத் துறை. கம்பெனி ஃப்ரீ ஸோன் என்ற தனி நிர்வாகம் உள்ள வர்த்தகப் பகுதியில் இருந்தால் பெர்மிட் அந்த ஸோன் நிர்வாகத்திடமிருந்து வரும்.

சிக்கல் இங்கேதான். விசிட் விசாவுக்கும் ஸ்பான்சர் உண்டு. ஒரு டிராவல்ஸ்கூட அதை எடுத்துத் தரலாம். ஆகவே உங்கள் ஏஜெண்ட் "ஸ்பான்சர் ரெடி" என்பது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம்; ஆனால் அதில் வேலைக்கான அனுமதி இல்லை. விசிட்டில் வேலை செய்தால் சட்டவிரோதம், சம்பளம் கிடைக்காவிட்டால் புகார் கொடுக்கப் போகும்போது நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

நான் 2011இல் ஷார்ஜாவுக்குப் போனபோது விசாவில் ஒரு கம்பெனி பெயர், வேலை வாங்கியது இன்னொரு கம்பெனி. இரண்டும் ஒரே முதலாளியுடையது என்றார்கள். ஒருநாள் காலை இன்ஸ்பெக்ஷன் என்று சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் எங்கள் நாலு பேரை மொட்டை மாடித் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார வைத்தார். ஜூலை வெயில், இரண்டு மணி நேரம். அன்றுதான் விசாவை எடுத்து ஸ்பான்சர் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

முறையாக வந்தால் முதலில் ஆஃபர் லெட்டர் வரும். சம்பளம், வேலையின் பெயர், கம்பெனி பெயர் அதில் இருக்கும். அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் அது கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு பெர்மிட்டுக்கான ஒப்புதல், அப்புறம் வேலைக்கான என்ட்ரி பெர்மிட். ஆஃபர் லெட்டரில் உள்ள கம்பெனியும் என்ட்ரி பெர்மிட்டில் ஸ்பான்சர் என்ற இடத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே இறங்கியதும் மெடிக்கல், கைரேகை, எமிரேட்ஸ் ஐடி. அதற்கெல்லாம் ஆகும் செலவு கம்பெனியுடையது. தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது.

உங்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவை என்ற குறிப்பு, இருந்தால் இமைக்ரேட் என்ற இந்திய அரசின் இணையதளம் வழியாக இங்கிருந்தே அந்தக் கிளியரன்ஸ் எடுத்தாக வேண்டும். "டூரிஸ்ட்டாகப் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் அதைத் தாண்டத்தான் சொல்கிறார். ஆஃபர் லெட்டரும் என்ட்ரி பெர்மிட்டும் வாட்ஸ்அப்பில் வரட்டும், அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன். அதுவரை பணம் கட்ட வேண்டாம்.